போயிட்டு வாறேன்

"வந்துட்டியா?" என்று வீட்டுக்குள்ளிருந்து தயாபரனின் குரல் கேட்டபோது, தயானி இன்னும் கேட்டுக்கு வெளியே குனிந்து நின்று, கணுக்காலில் ஏறியிருந்த அட்டையைச் சவர்க்காரத் துண்டால் தேய்த்து விழுத்திக்கொண்டிருந்தாள்.

கேட் மூடியே கிடந்தது. ஐப்பசி மாதத்து மூடுபனி நமுனுகுல மலையிலிருந்து இறங்கி, தேயிலையையும் ரோட்டையும் தொழிற்சாலைக் கூரையையும் விழுங்கிவிட்டு, கடைசியாக இந்தக் குவாட்டர்ஸின் ஜன்னல்களிலும் வந்து அப்பியிருந்தது. அங்கிருந்து அவளை யாரும் பார்த்திருக்க முடியாது. காலடிச் சத்தமும் கேட்டிருக்காது. பக்கத்துத் தொழிற்சாலையில் பச்சைக் கொழுந்தை வாடவைக்கும் பெரிய மின்விசிறிகள் இரவு பகலாக இரைந்துகொண்டிருந்தன. அந்த இரைச்சலோடுதான் இந்த வீட்டில் எல்லாமே நடக்கும், பேச்சும் சாப்பாடும் கோபமும்.

அப்படியென்றால் யார் வந்துவிட்டது?

அவள் கேட்டைத் தள்ளினாள். அது கிறீச்சிட்டது. உடனே தயாபரன் வாசலுக்கு வந்தான். நாற்பதை நெருங்கிய, ஒழுங்காகச் சவரம் செய்த, பார்த்தால் யாருக்கும் பிடித்துப்போகிற முகம். அந்தத் தோட்டத் தொழிற்சாலையில் உதவி டீமேக்கர் வேலை. கொழுந்து தூளாகும்வரை கூடவே நின்று மோந்து பார்க்கிற உத்தியோகம் என்பதால் சட்டையில் எப்போதும் தேயிலை வாசம் இருக்கும்.

"அட, வாங்க தயானி. பஸ் லேட்டா?"

"உள்ள யார்கூட பேசிக்கிட்டு இருந்தீங்க?"

"நானா? யார்கூடயும் இல்லையே."

அவன் சிரித்தான். பொய் சொல்கிறவன் சிரிப்பு மாதிரியும் இல்லை. ஆனால் வீட்டுக்குள்ளிருந்து கேட்ட குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது, சின்னப் பையன் ஒருவனுடைய சந்தோஷம். அதைவிட அதில் ஒரு 'நீ' இருந்தது. தைப்பொங்கலுக்குப் பிறகு பழக ஆரம்பித்து, தீபாவளி வரப்போகிற இந்த நாள் வரைக்கும், அவன் அவளை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டான். கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதும் நீங்க. முத்தம் கொடுத்துவிட்டும் நீங்க. மரியாதை என்று முதலில் நினைத்துப் பெருமைப்பட்டாள். போகப் போகத்தான் அது கவுண்டருக்கு அந்தப்பக்கம் நிற்கிற வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற மரியாதை என்று பிடிபட்டது. கவுண்டர் அவளுக்குத் தெரியாததா? பதுளை டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில்தான் அவளுக்கு வேலை.

அங்கேதான் அவனைச் சந்தித்தாள். வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போட வந்திருந்தான். சோதனைப் பிரேமை மூக்கில் மாட்டிவிட்டு எழுத்துகளைக் காட்டியபோது, "தூரத்துல உள்ளது பளிச்சுனு தெரியுதுங்க, கிட்ட உள்ளதுதான் தெரியல" என்றான். பிற்பாடு அவளோடு வேலை செய்யும் றின்ஸா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "அன்னைக்கே வாயால சொல்லிட்டான்டி. நீதான் லென்ஸ் போட்டா சரியாகிடும்னு நெனச்சிட்ட."

தூரத்தில் இருந்தது, கல்யாணம் செய்யாமலே முன்பு அவனோடு வாழ்ந்த விஜயலெட்சுமி. விஜி.

இந்த வீட்டில் அவள் இல்லாத இடமே கிடையாது. கதவுக்குப் பின்னால் கொக்கியில் அவளுடைய நீலக் குடை. வாசல் ஓரத்தில் அவளுடைய வீட்டுச் செருப்பு. குளியலறைத் தட்டில் பாதி தீர்ந்த ஓடிக்கொலோன் சென்ட் போத்தல். முன்னறையில் ஒரு பிரம்புக் கதிரை. முதல் தடவை தயானி அதில் உட்காரப் போனபோது, "அது வேணாம், இதுல உக்காருங்க" என்று வேறொன்றை இழுத்துப் போட்டான். மூன்று வருஷத்துக்கு முன்னால் கொழும்பில் வேலை கிடைத்துப் போனவள், போன இடத்தில் வேறொருவரைக் கல்யாணம் செய்து, இப்போது ஒரு பிள்ளையும் இருக்கிறது. சண்டை போட்டுப் பிரியவில்லை. பெட்டியோடு இந்தப் படியில் இறங்கி, "போயிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவுதான்.

"போறேன்னு சொல்லல தயானி. போயிட்டு வாறேன்னுதான் சொன்னா" என்று அவன் ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, எத்தனையோ நாள் சொல்லியிருக்கிறான்.

"எல்லாரும்தான் அப்படிச் சொல்றோம். மரக்கறிக் கடைக்காரர்கிட்டயும்தான் சொல்றோம். வாயில 'போறேன்'னு வந்தா நல்லதில்லனுதானே அது."

"அவ சும்மா சொல்ற ஆள் இல்ல."

 பிறகு அவன் விஜியைத் திட்டுவான். ஏமாத்துக்காரி, சுயநலக்காரி, கொழும்பு மோகம் பிடித்தவள். கேட்கக் கேட்கத் தயானிக்கு ஆறுதலாக இருக்கும். இப்படித் திட்டுகிறவன் மறந்துவிட்டான் என்றுதான் நம்பினாள். வெறுத்துப்போனவளைப் பற்றி ஒரு மனிதன் ஒவ்வொரு ஞாயிறும் இத்தனை நுணுக்கமாகப் பேசுவானா என்று கேட்டுக்கொள்ள அவளுக்கு ஆவணி மாதம் ஆகிவிட்டது.

ஒரு ஞாயிறு தேன் மாதிரி இருப்பான். அவளுக்காகப் பசறைச் சந்தையில் தேடி ஈரப்பலாக்காய் வாங்கி வைத்திருப்பான். அவள் சொல்லும் கடைக் கதைகளுக்கு வயிறு குலுங்கச் சிரிப்பான். அவள் சந்தோஷத்தில் மிதந்துகொண்டு பஸ் ஏறுவாள். அடுத்த நாளிலிருந்து வாய் திறக்க மாட்டான். அனுப்பிய மெசேஜ் எல்லாம் நீல டிக்கோடு நிற்கும். அவள் தன் மேல் குற்றம் தேடித் தேடி, அதிகமாகப் பேசிவிட்டோமா, நெருங்கிவிட்டோமா என்று வாரம் முழுக்கக் காய்ந்தபிறகு, சனிக்கிழமை மாலை மூடுபனியின் படம் ஒன்று வரும். 'நாளைக்கு வாறீங்களா?' அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்கு அவள் திரும்பவும் குளித்துச் சீவிக் கிளம்புவாள். அந்த வாரங்களில் விஜி புதிதாக ஏதாவது ஸ்டேட்டஸ் போட்டிருப்பாள் என்பதையும் அவள் பிறகுதான் கண்டுபிடித்தாள். விஜி படம் போட்டால் இவன் பேச்சை நிறுத்துவான். காரணமும் மருந்தும் கொழும்பில் இருக்க, நோய்க்குத் தானே பொறுப்பு என்று இவள் பதுளையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது.

"அவன் ஒன்ன விரும்பலனு நான் சொல்லல" என்றாள் றின்ஸா. "விரும்புறான். ஆனா அந்த வீட்ல ஆளிருக்கு. நீ போய் விருந்தாளியா இருந்துட்டு வாற."

ஆளிருக்கு. பேச்சுக்குச் சொன்னதுதான். தயானிக்கு மட்டும் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

ஏனென்றால் அதற்குள் சில விஷயங்கள் நடந்திருந்தன. யாரிடமும் சொல்லக்கூடியவை அல்ல. வாசல் ஓரத்துச் செருப்பு ஒரு ஞாயிறு வெளியே பார்த்தபடி இருந்தது, அடுத்த ஞாயிறு உள்ளே பார்த்தபடி இருந்தது. கொக்கியில் தொங்கிய குடையின் நுனியிலிருந்து ஒரு நாள் நீர் சொட்டியது. அன்று பசறையிலிருந்து நமுனுகுல வரைக்கும் நல்ல வெயில். ஓடிக்கொலோன் போத்தல் குறையவே இல்லை, ஆனால் அவள் போகும்போதெல்லாம் யாரோ இப்போதுதான் பூசிக்கொண்டு போனதுபோல நடையில் அந்த வாசம் குளிர்ச்சியாக நின்றது. பூட்டியே இருக்கும் பின்னறையில், மின்விசிறிகளின் இரைச்சலுக்கு அடியில், கதிரை ஒன்று தரையில் இழுபடும் மெல்லிய சத்தம் கேட்டது. எலி என்றான் தயாபரன். எலி கதிரையில் உட்காருமா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டாள்.

பேய் என்று நினைக்கவும் வழியில்லை. ஒரு ஞாயிறு பின்னறையில் அந்தச் சத்தம் கேட்ட அதே நேரத்தில், அவள் கையிலிருந்த போனில் விஜி உயிரோடு சிரித்துக்கொண்டிருந்தாள். யாரோ நேரலையில் காட்டிக்கொண்டிருந்த பிறந்தநாள் விழா. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கன்னத்தில் கேக் பூசிக்கொண்டு, இந்த மலையின் நினைப்பே இல்லாமல் கொழும்பில் நின்றாள். உயிரோடு இருக்கிறவள் எப்படிப் பேயாக முடியும்? அப்படியென்றால் அந்த அறையில் இருப்பது விஜி அல்ல. விஜியைப் போகவிடாமல் இவன் பிடித்து வைத்திருக்கிற ஏதோ ஒன்று. போனவளுக்கு அதைப் பற்றித் தெரியக்கூடத் தெரியாது.

தயானி ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அவளுக்குள் ஒரு வீம்பு இருந்தது. இல்லாத ஒருத்தியிடம் தோற்பதா? நன்றாகச் சமைத்தால், நன்றாகச் சிரித்தால், பொறுமையாக இருந்தால் அந்த வீட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தனக்கு இடம் உண்டாகும் என்று நினைத்தாள். அதற்காகவே ஒரு ஞாயிறு தன் மஞ்சள் கிளிப்பைக் குளியலறைத் தட்டில், ஓடிக்கொலோன் போத்தலுக்குப் பக்கத்தில், மறந்ததுபோல வேண்டுமென்றே வைத்துவிட்டு வந்தாள். அடுத்த வாரம் அது அங்கே இல்லை. அவன் காணவில்லை என்றான். அடுத்து, பூப்போட்ட கைக்குட்டை. அதற்கடுத்து, பாத்திரம் கழுவும்போது கழற்றி வைத்த வளையல். அது மெய்யாகவே மறந்தது. எதுவும் கிடைக்கவில்லை. இந்த வீட்டில் விஜியின் பொருட்கள் அசையாமல் இருந்தன, அவளுடைய பொருட்கள் மட்டும் காணாமல் போயின.

ஒவ்வொரு ஞாயிறும் மாலை அதே படியில் இறங்கி, எல்லாரையும்போல அவளும் சொன்னாள்: "போயிட்டு வாறேன்."

போன ஞாயிறு அவள் கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. தயாபரன் கொஞ்சம் யோசித்தான். பிறகு கொக்கியிலிருந்து அந்த நீலக் குடையை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

"இத எடுத்துட்டுப் போங்க."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் தொடாத குடை. கடைசியில் கொடுத்துவிட்டான். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். நமுனுகுலவுக்கு மேலே தோட்டத்து லயத்து வீட்டில் இருக்கிற அம்மா கொஞ்ச நாளாகவே, "தீபாவளிக்கு அந்தப் புள்ளய கூட்டிக்கிட்டு வாறியா இல்லயா? சும்மா இழுத்துக்கிட்டே இருக்காத" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சரி, கேட்டுவிடுவது என்று அன்று பஸ்ஸிலேயே முடிவெடுத்தாள். ஒரே கேள்வி. வருவீங்களா, மாட்டீங்களா. முப்பத்துமூன்று வயதில் இனியும் ஒருத்தனுடைய மௌனத்துக்கு அர்த்தம் எழுதிக்கொண்டிருக்க முடியாது.

அந்தக் கேள்வியோடுதான் இன்று வந்திருந்தாள். அட்டையை விழுத்திவிட்டு, 'வந்துட்டியா' கேட்டு, வாசலில் நின்று, உள்ளே போய் உட்கார்ந்து, அவன் ஊற்றிக் கொடுத்த தேநீரையும் குடித்தாள். கேள்வியைக் கேட்கப் போன நேரத்தில் தொழிற்சாலையிலிருந்து அவனுக்கு போன் வந்தது. "பக்கத்துலதான், அஞ்சு நிமிசம்" என்று ஓடினான். திரும்பி வந்தவுடன் கேட்டுவிடலாம் என்று, காத்து நிற்கப் பிடிக்காமல், திருப்பிக் கொண்டுவந்திருந்த நீலக் குடையை விரித்துக்கொண்டு அவளும் கேட் வரைக்கும் நடந்தாள். பனி தூறலாகியிருந்தது. மாலை வெளிச்சம் பாலில் நீர் கலந்ததுபோல மங்கிக்கொண்டிருந்தது.

அவன் தொழிற்சாலைப் படியில் இறங்கி வருவது தெரிந்தது. கேட்டுக்கு அந்தப்பக்கம் நின்றான். அவள் முகத்தைப் பாதி மறைத்திருந்த குடையைப் பார்த்தான்.

"வந்துட்டியா?"

அதே குரல். உள்ளேயிருந்து கேட்ட அதே குரல். இந்தத் தடவை அவளைப் பார்த்து. அவன் கேட்டைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். செருப்பு ஒன்று சேற்றில் கழன்று விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. குடைக் காம்போடு சேர்த்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அந்த முகத்தில் இருந்த வெளிச்சத்தை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை, இத்தனை மாதம் அதைத் தேடித்தான் பஸ் ஏறி வந்திருந்தாள்.  ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்கு எல்லாம் கிடைத்துவிட்டது.

அவள் குடையைச் சாய்த்துப் புன்னகைத்தாள்.

அந்த வெளிச்சம் அணைந்தது. பிடித்திருந்த கை தளர்ந்தது.

"ஆ... நீங்களா" என்றான்.

அவ்வளவுதான் நடந்தது. யாரும் யாரையும் அடிக்கவில்லை. தயானி குடையை மடக்கினாள். உள்ளே போய் அதைக் கொக்கியில் மாட்டினாள். அழுகை வரவில்லை, கோபம் வந்தது. இவ்வளவு நாள் உள்ளே பயந்து சுருண்டு கிடந்த ஒருத்தி எழுந்து நின்றதுபோல இருந்தது.

"நான் ஒன்னு கேக்கணும்" என்றாள். "தீபாவளிக்கு எங்க வீட்டுக்கு வாறீங்களா?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அவளே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பிரேம்.

"இப்ப என்ன அவசரம்? கொஞ்சம் டைம் குடுங்களேன்."

"எதுக்கு டைம்?"

"எனக்குக் கொஞ்சம் சரியாகணும்."

"சரி. அப்ப விஜியோட சாமான் எல்லாத்தயும் இன்னைக்கு ஒரு பெட்டில போடுவோமா? நானும் கூட நிக்கிறேன். ரெண்டு பேருமா சேந்து செய்வோம்."

அவன் துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தான். பிறகு, மிகவும் நியாயமான மனிதனைப்போல, மெதுவாகச் சொன்னான்.

"நான் ஒங்ககிட்ட எதையும் மறைக்கலியே தயானி. மொதல்லயே எல்லாம் சொன்னேன்தானே. தெரிஞ்சுதானே வந்தீங்க."

"ஆமா, சொன்னீங்க. அவளப் பத்தி எல்லாம் சொன்னீங்க. என்னப் பத்தி ஒரு வார்த்த சொல்லலியே. எனக்கு அண்ணன் எத்தன, தம்பி எத்தனனு தெரியுமா ஒங்களுக்கு?"

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.

அப்போது மின்விசிறிகள் நின்றன.

வாடிய கொழுந்தை அள்ளி மாற்றுவதற்காக நிறுத்தியிருக்க வேண்டும். முதலில் ஒன்று, பிறகு அடுத்தது, இரைச்சல் படிப்படியாக இறங்கி அடங்கியது. இத்தனை மாதங்களில் இந்த வீட்டின் அமைதியை அவள் முதல்தடவையாகக் கேட்டாள். கூரையில் தூறல். சமையலறைக் குழாயில் ஒரு சொட்டு.

பின்னறையில் கதிரை இழுபட்டது.

மெல்ல. ஒருவர் எழும்புவதற்காக இழுப்பதுபோல.

தயாபரன் பயப்படவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டான். அவன் உதட்டில் ஒரு புன்னகை வந்தது.

"இருக்கா" என்றான். "சும்மா இருக்கா. ஒங்களுக்கு அதுனால என்ன கரச்சல்? நீங்களும் இருங்க."

 ஓடு என்றது தயானியின் உடம்பு. ஆனால் கால் அந்த அறைப் பக்கம்தான் போனது. இத்தனை நாள் எதனிடம் தோற்றோம் என்று பார்க்காமல் போவதா? மாட்டாள். சாவி கதவிலேயே இருந்தது. திருப்பினாள்.

ஓடிக்கொலோன் வாசம் முகத்தில் அடித்தது. குளிர். கூடவே ஈரத் துணியின் நெடி. கேட்டைப் பார்த்திருந்த ஜன்னலில் வெள்ளைப் பனி. ஜன்னலுக்கு எதிரே ஒரு மேசை. அதில் மூன்று தட்டு கவிழ்த்து வைத்திருந்தது.

மேசையருகே இரண்டு கதிரைகள்.

ஒன்றில் ஒருத்தி முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. விஜியின் ப்ரொஃபைல் படத்தில் எப்படிச் சாய்ந்திருக்குமோ அப்படி. தயானி இடதுபக்கம் ஒரு அடி நகர்ந்தாள். சாய்வு மாறவில்லை. வலதுபக்கம் நகர்ந்தாள். எங்கிருந்து பார்த்தாலும் அதே முதுகு. அதே சாய்வு. அவனுக்கு நினைவிருந்தது அவ்வளவுதான் போலும்.

மற்றக் கதிரையில் இருந்தது எழும்பிக்கொண்டிருந்தது.

பாதிதான் எழும்பியிருந்தது. இன்னும் முடியவில்லை. தோள் இருந்தது. முழங்கை இருந்தது. கையில் ஒரு வளையல். மடியில் பூப்போட்ட கைக்குட்டை. பின்னிய கூந்தலில் மஞ்சள் கிளிப்.

தயானியின் கை தானாகத் தன் தலைக்குப் போனது.

அது திரும்பவில்லை. வாய் மட்டும் அசைந்திருக்க வேண்டும். குரல் வந்தது. அவளுடைய குரல். ஞாயிறு மாலைகளில் படியில் இறங்கும்போது, சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு சொல்கிற அதே குரல்.

"போயிட்டு வாறேன்."

திரும்பவும்.

"போயிட்டு வாறேன்."

அவள் சொன்ன ஒவ்வொன்றும். ஒவ்வொரு ஞாயிறும். ஒன்றுகூடத் தவறாமல்.

கத்த வேண்டும்போல இருந்தது.  கிளிப்பைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று ஒரு அடி முன்னால் வைத்தாள். அதற்காகத்தான் அது காத்திருக்கிறது என்று எப்படியோ தெரிந்தது. தொட்டால் முடிந்தது. மீதியும் எழும்பிவிடும். பிறகு அவளும் அந்த அறையில் உட்கார்ந்து, அவன் என்றைக்காவது கிட்ட இருக்கிற தன்னைப் பார்ப்பான் என்று இன்னும் எத்தனை ஞாயிறு காத்திருக்க வேண்டுமோ.

"வச்சுக்க" என்றாள் தயானி.  "கிளிப்பு, லேஞ்சு, வளையல், எல்லாத்தயும் நீயே வச்சுக்க. எனக்குப் பதுளைல கட கடயா கிடைக்கும்."

கதவைச் சாத்தினாள். முன்னறையைக் கடந்தாள். போகிற வழியில் அந்தப் பிரம்புக் கதிரையை ஒரு உதை விட்டாள். அது சுவரில் மோதி விழுந்தது. மனசு கொஞ்சம் ஆறியது.

தயாபரன் வாசல்வரை பின்னால் வந்தான்.

"மழையில எப்படிப் போவீங்க? குடைய எடுத்துட்டுப் போங்க."

"நனஞ்சுட்டே போவேன்."

படியில் இறங்கினாள். திரும்பி, அவன் கண்ணைப் பார்த்து, தன் வாழ்நாளில் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"போறேன்."

அவன் முகம் வெளிறியது. அந்த வீட்டில் இருக்கிற எதற்கும் பயப்படாதவன் இந்த ஒரு சொல்லுக்குப் பயந்தான்.

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க. போயிட்டு வாறேன்னு சொல்லுங்க. சும்மா சொல்லுங்க. சொல்லிட்டுப் போங்க தயானி."

பின்னறையிலிருந்து அவள் குரல், அவளுக்குப் பதிலாக, கெஞ்சுகிற மாதிரி சொன்னது. "போயிட்டு வாறேன்."

"அது நான் இல்ல" என்றாள் அவள். "நான் போறேன். போறேன். போறேன்."

கேட்டைத் திறந்தே விட்டுவிட்டு நடந்தாள். தூறல் தலையில் விழுந்தது. ஓடவில்லை. ஓடினால் பயந்ததாகிவிடும். தேயிலைப் பாத்திகளுக்கு நடுவே வளைந்து இறங்கும் ரோட்டில், பஸ் நிற்கும் மரத்தடி வரைக்கும் நிமிர்ந்தே நடந்தாள். றின்ஸாவுக்கு போன் எடுத்து, "விட்டுட்டு வந்துட்டேன்டி, இனி அங்க போகமாட்டேன்" என்று சொன்னபோதுதான் அழுகை வந்தது. "அழுது முடிச்சிட்டு வா, கொத்து ரொட்டி வாங்கி வைக்கிறேன்" என்றாள் அவள். தயானி அழுகையோடு அழுகையாகச் சிரித்தாள்.

பசறைப் பக்கம் போகிற பஸ்ஸின் மஞ்சள் விளக்கு வளைவில் தெரிந்தது. மேலே தொழிற்சாலையில் மின்விசிறிகள் மறுபடி இரைய ஆரம்பித்தன. காற்று ஒரு தடவை சுழன்று, மலையிலிருந்து பனியைத் தூக்கி விலக்கியது. பார்க்கக் கூடாது என்று நினைத்தபடியே அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

குவாட்டர்ஸ் தெளிவாகத் தெரிந்தது. பின்னறை ஜன்னலில் வெளிச்சம் எரிந்தது. மேசையைச் சுற்றி மூன்று பேர். முதுகு காட்டி, தலை சாய்த்து ஒருத்தி. நின்றபடி, தட்டில் சோறு போட்டுக்கொண்டு, தயாபரன். அவன் விஜியின் பக்கம் பார்க்கவில்லை. முன்னால் இருந்த மற்றவளின் மேல் குனிந்திருந்தான். அவள் கூந்தலிலிருந்து விலகிய கிளிப்பை விரல் நுனியால் சரிசெய்தான். அவன் முகத்தில் அந்த வெளிச்சம் இருந்தது. கேட்டில் ஒரு கணம் எரிந்து அணைந்த அதே வெளிச்சம். இத்தனை தூரத்திலிருந்தும் அவன் உதடு அசைவது தெரிந்தது. நீ, என்றது அந்த உதடு. வந்துட்டியா நீ.

பஸ் வந்து நின்றது. தயானி ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, ஈரக் கையால் கண்ணாடியைத் துடைத்தாள்.

மேலே மஞ்சள் கிளிப் போட்டவள் இப்போது முழுதாக எழும்பி நின்றிருந்தாள். தட்டிலிருந்த சோற்றை அவள் தொடவில்லை. பக்கத்தில் நின்றவனையும் பார்க்கவில்லை. தயானியின் முகத்தை வைத்துக்கொண்டு, ஜன்னலில் நெற்றியை அழுத்தி, திறந்து கிடந்த கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.